மதிவதனி எழுதிய பதில்

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் இருந்த வேம்படி லாட்ஜில் மதிவதனி வேலைக்குச் சேர்ந்தபோது வரவேற்பு மேசையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதைத் தொடத்தான் ஆளில்லை. முதலாளி அருணகிரி அதன்மேல் பூப்போட்ட துண்டு ஒன்றைப் போர்த்தி வைத்திருந்தார். 2004-ஆம் வருடம் அது. மதிவதனிக்கு இருபத்தெட்டு வயது. பி.காம். படித்துவிட்டுக் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். கரண்ட் வேலை பார்த்த கணவன் மாடியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்ததிலிருந்து, வேங்கிக்காலில் அவர்களுடைய ஒண்டுக் குடித்தன வீடு அவள் சம்பளத்தில்தான் நடந்தது. மகள் ஓவியா அப்போது ஒன்றாம் வகுப்பு.

இங்கிலீஷ் படிக்கவும் எழுதவும் அவளுக்கு நன்றாக வரும், பேசத்தான் கொஞ்சம் கூச்சம். டிசம்பர் பிறந்தால் வெளிநாட்டுக்காரர்கள் வந்து மாசி வரை தங்கிப் போகிற அந்த ரோட்டில் அது போதுமானதாக இருந்தது.

லாட்ஜுக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று அவள்தான் கேட்டாள். தேரடித் தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த இனியன் செய்து கொடுத்தான். பதினான்கு அறைகளின் படம், மொட்டை மாடியிலிருந்து தெரியும் மலையின் படம், அதற்குக் கீழே தங்கியவர்கள் கருத்து எழுத ஒரு பக்கம். யாராவது அதில் எழுதினால் உடனே வெளியில் தெரியாது. முதலில் மதிவதனி பார்க்கிற உள்பக்கத்தில் வந்து காத்திருக்கும். அவள் சம்மதம் கொடுக்கிற பொத்தானை அழுத்தினால்தான், எழுதியவரின் பெயர், ஊர், தங்கிய மாதம் எல்லாவற்றோடும் மற்றவர்கள் கண்ணுக்குப் படும். அதன் அடியிலேயே லாட்ஜ் பதில் எழுதவும் இடம் உண்டு.

பக்கம் ஆரம்பித்த புதிதில் அது வெறிச்சோடிக் கிடந்தது. அருணகிரிக்குப் பொறுக்கவில்லை. நீயே நாலு எழுதிப் போடு, யாருக்குத் தெரியப்போகுது என்றார். லண்டன் பீட்டர், பாரிஸ் மேரி என்று அவள் நாலு பேரைப் பிறப்பித்து எழுதினாள். ஒரு மாதம் கழித்து, அறை காலி செய்ய வந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, உங்கள் பீட்டரும் மேரியும் ஒரே வார்த்தையை ஒரே மாதிரி தப்பாக எழுதுகிறார்களே என்று சிரித்தார். மதிவதனிக்கு முகம் சுண்டிப்போனது. அன்றே நாலையும் அழித்தாள். பீட்டர் எங்கே என்று அருணகிரி கேட்கவும் இல்லை.

பிறகு அவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். அறை காலி செய்கிற ஒவ்வொருவருக்கும் வெப்சைட் முகவரி அச்சடித்த சிறு சீட்டு ஒன்று. அவர்கள் போன மூன்றாம் நாள் ஒரு மெயில்: எப்படி இருந்தது, நல்லதோ கெட்டதோ, இரண்டு வரி எழுதுங்கள் என்று. சந்தோஷமாகப் போகிறவர்களிடம் மட்டும் சீட்டுக் கொடு என்றார் அருணகிரி. அவள் எல்லோருக்கும் கொடுத்தாள்.

எல்லோருக்கும் கொடுத்தால் எல்லாமும் வரும். காலை ஏழு மணி வரை வெந்நீர் வருவதில்லை என்று பிரான்ஸ்காரர் ஒருவர் எழுதினார். ஏழாம் நம்பர் ஜன்னல் கம்பி ஆடுகிறது, குரங்கு கையை விட்டுப் பழத்தை எடுத்துப் போனது என்று ஒரு ஹைதராபாத் குடும்பம் எழுதியது. அருணகிரி இதையெல்லாம் போடாதே என்றார்.

"எல்லாமே இனிப்பா இருந்தா யாரும் நம்ப மாட்டாங்க சார்," என்றாள் மதிவதனி. "கொறைய போட்டு, அதுக்குக் கீழ நாம என்ன செஞ்சோம்னு எழுதலாம். செஞ்சிட்டு எழுதணும்."

பிளம்பர் வந்தார், ஜன்னல் கம்பி மாறியது. பதில் எழுதுவதற்கு அவள் சில கட்டுப்பாடுகளைத் தனக்குத் தானே போட்டுக்கொண்டாள். கோபம் வந்த அன்று எழுதுவதில்லை, இரண்டு நாளுக்கு மேல் தள்ளுவதுமில்லை. முதலில் நன்றி. அவர் சொன்ன குறையை அவர் வார்த்தையிலேயே ஒருமுறை சொல்வது. உண்மை என்றால் மன்னிப்பு. சரிசெய்தது என்ன என்று ஒரு வரி. வாதாடுவதில்லை. தங்கியவரின் சொந்த விஷயம் எதையும் வெளியே இழுப்பதில்லை. கடைசியில் தன் பெயர், மதிவதனி, வரவேற்பு. படிக்கிறவருக்குப் பேச ஒரு ஆள் இருக்கிறது என்று தெரிய வேண்டும் அல்லவா.

அது பலித்தது. வெந்நீர் பற்றிய உங்கள் பதிலைப் படித்தோம், அதனால்தான் இங்கே வருகிறோம் என்று ஒரு தம்பதி அறை கேட்டு எழுதினார்கள். அந்த மெயிலை அச்செடுத்து அருணகிரியிடம் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினார்.

கன்னியம்மாளுக்கு இந்தச் சமாச்சாரம் எதுவும் தெரியாது. லாட்ஜ் 1989-இல் திறந்த அன்று முதல் அறை கூட்டுகிறவள் அவள். ஊர் அடி அண்ணாமலை. ஐம்பதைத் தாண்டிய வயதில் முதல் மாடி ஏழு அறையும் அவள் பொறுப்பு. அதிகம் பேசமாட்டாள். தங்கியவர்கள் போகும்போது விட்டுப்போகிற சோப்புத் துண்டைக்கூட மேசையில் கொண்டுவந்து வைத்து, இது கெடந்துச்சு என்பாள். அதை அவளே வைத்துக்கொள்ளலாம் என்று மதிவதனி எத்தனை முறை சொல்லியும் கேட்டதில்லை. கருத்துப் பக்கத்தில் பாதிப் பேர் அறை சுத்தத்தைப் பாராட்டியிருந்தார்கள். மதிவதனி அவளைக் கூப்பிட்டுத் தமிழில் சொல்லிக் காட்டுவாள். கன்னியம்மாள் கையைப் புடவையில் துடைத்தபடி நின்று கேட்டுவிட்டு, "சரிக்கா... சரிம்மா," என்று இரண்டு விதமாகவும் சொல்லிப் போய்விடுவாள். வயதில் இளையவளை எப்படிக் கூப்பிடுவது என்பதில் அவளுக்குக் கடைசிவரை ஒரு தடுமாற்றம் இருந்தது.

2007 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். ஒன்பதாம் நம்பர் அறையில் டென்மார்க்கிலிருந்து வந்த இங்கிரிட் என்கிற அம்மாள் மூன்று வாரமாகத் தங்கியிருந்தார். கணவரை இழந்தவர், அறுபத்தெட்டு வயது. ஒரு காலை அவர் படியிறங்கி வந்து, என் கல்யாண மோதிரத்தைக் காணவில்லை என்றார். குரல் உயரவில்லை. முகம்தான் வெளுத்திருந்தது.

அறையைக் கவிழ்த்துத் தேடினார்கள். கட்டில் நகர்ந்தது, மெத்தை உறை கழன்றது, குளியலறைச் சாக்கடை வாயைத் திறந்து குச்சி விட்டுக் கிளறினார்கள். இங்கிரிட் பெட்டியிலிருந்த துணிமணிகளைத் தானே எடுத்துப் பரப்பிப் பார்த்தார். மோதிரம் இல்லை. அறைக்குள் யார் வருவார்கள் என்று கேட்டார். யாரும் பதில் சொல்வதற்குள் கன்னியம்மாள் தன் ஒயர் கூடையைக் கொண்டுவந்து தரையில் கவிழ்த்தாள். சோற்று டப்பா, வெற்றிலைச் சுருள், பஸ் டிக்கெட். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். வேணாம்க்கா என்று மதிவதனி சொல்லச் சொல்ல, இடுப்புச் சுருக்குப் பையையும் உதறிக் காட்டினாள். அப்படிக் காட்டியதே இங்கிரிட்டின் மனத்தில் சந்தேகத்தை ஊன்றிவிட்டதோ என்று மதிவதனி பின்னாளில் பலமுறை நினைத்திருக்கிறாள்.

இங்கிரிட் போலீசுக்குப் போகவில்லை. மறுநாள் அறையைக் காலி செய்துகொண்டு தெற்கே எங்கோ போனார். மார்ச் வரை இந்தியாவில்தான் இருப்பார் என்று பதிவேட்டில் இருந்தது. மூன்றாம் நாள் போக வேண்டிய மெயிலை மதிவதனி அனுப்பவில்லை. ஆனால் அந்தச் சீட்டு அவரிடம் இருந்தது.

வெப்சைட்டின் உள்பக்கத்தில் வந்து காத்திருந்த கருத்து நீளமாக இருந்தது. அறை சுத்தம், மலை அழகு, வரவேற்பில் இருக்கும் பெண் அன்பானவள். அதற்கப்புறம்: முதல் மாடியைக் கூட்டும் கன்னியம்மா என்பவள் என் கல்யாண மோதிரத்தைத் திருடிவிட்டாள், ஜாக்கிரதை.

மதிவதனி பொத்தானில் கை வைக்கவில்லை. குறையை மறைப்பதில்லை என்பது அவள் முறை. ஆனால் இது குறையா? கண்ணால் பார்த்தவர் இல்லை, சாட்சி இல்லை. ஒருத்தியின் பெயரைப் போட்டுத் திருடி என்று தன் கையால் எப்படி வெளியிடுவது? இங்கிரிட்டுக்கு மரியாதையாக ஒரு மெயில் எழுதினாள். மோதிரம் தொலைந்தது எங்களுக்கும் வருத்தம், இன்னும் தேடுகிறோம். தொலைந்த விஷயத்தை நீங்கள் எழுதியபடியே வெளியிடத் தயார், நிரூபணம் இல்லாமல் ஒருவரின் பெயரை மட்டும் வெளியிட முடியாது, அதை எடுத்துவிடச் சம்மதமா என்று கேட்டாள்.

பதில் வரவில்லை. ஐந்தாம் நாள் வேறு இடத்தில் வந்தது. உலகம் முழுக்க உள்ள லாட்ஜுகளையும் ஓட்டல்களையும் பற்றிப் பயணிகள் எழுதுகிற ஒரு பெரிய வெப்சைட் இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குக் கிளம்புமுன் அதைப் பார்க்காமல் கிளம்பமாட்டார்கள். அதில் வேம்படி லாட்ஜின் பெயருக்குக் கீழே, அதே வார்த்தைகள், அதே பெயர். கடைசியில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: இதை அவர்களுடைய வெப்சைட்டில் எழுதினேன், மறைத்துவிட்டார்கள்.

மதிவதனிக்கு அப்போதுதான் புரிந்தது. தன் வீட்டுக் கதவைச் சாத்தியதால் அந்த அம்மாள் நடுத்தெருவில் போய் நின்றுவிட்டார். இங்கே இருந்த பொத்தான் அங்கே அவளிடம் இல்லை. அந்த வெப்சைட்டில் லாட்ஜ் நடத்துகிறவர்கள் பதிவு செய்துகொண்டு ஒவ்வொரு கருத்துக்கும் ஒரே ஒரு பதில் எழுதலாம். எழுதிய பதிலைத் திருத்த முடியாது. வேண்டுமானால் முழுசாக அழித்துவிட்டு வேறு அனுப்பலாம், அவர்கள் படித்துப் பார்த்து ஓரிரு நாளில் வெளியிடுவார்கள். கருத்தை எடுக்க வேண்டும் என்றால் எழுதியவரே தன் கணக்கில் நுழைந்து எடுக்க வேண்டும். விதிமுறைக்கு மாறானது என்று புகார் கொடுக்க ஒரு வழி இருந்தது. கொடுத்தாள். நான்கு நாளில் அச்சு வார்த்த மாதிரி ஒரு மறுமொழி வந்தது. எது உண்மை என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலை அல்ல. முழுப் பெயரோ முகவரியோ கொடுக்கப்படாததால் இது விதிமீறல் ஆகாது. உங்கள் தரப்பைப் பதிலாக எழுதுங்கள்.

அதற்குள் இரண்டு முன்பதிவுகள் ரத்தாகியிருந்தன. ஒருவர் காரணமே எழுதியிருந்தார். கூகுளில் லாட்ஜ் பெயரை அடித்தால் இரண்டாவதாகவே அந்தக் கருத்தின் திருட்டு வரி வந்து நின்றது.

மதிவதனி பதில் எழுதினாள். மோதிரத்தின் இழப்பு எங்களை வருத்துகிறது. உங்களோடு சேர்ந்து அறையை முழுக்கத் தேடினோம். எங்கள் ஊழியர் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறவர், இதுவரை ஒரு புகாரும் இல்லை. அவர்மேல் குற்றம் இருப்பதாகக் காட்டும் எதுவும் கிடைக்கவில்லை. பெயர் இருந்ததால்தான் உங்கள் கருத்தை நிறுத்தி வைத்து மெயில் எழுதினோம். தேடல் தொடர்கிறது, எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்.

அனுப்புமுன் அருணகிரி அதைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். ஓவியாவை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றும்போது தானாகவே ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தவர். கேட்டு முடித்ததும் நெடுநேரம் மேசைக் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல நாம என்ன செஞ்சோம்னு எங்க இருக்கு?" என்றார். "நீதானே சொன்ன, செஞ்சத எழுதணும்னு."

"தேடினோம்னு எழுதியிருக்கேன் சார்."

"தேடினா போதுமா? படிக்கிறவன் என்ன நெனைப்பான்? அந்தம்மா இன்னும் அங்கதான் கூட்டுது, நம்ம பெட்டிக்கும் கை வைக்கும்னு நெனைப்பான். சம்பந்தப்பட்டவங்கள வேலைய விட்டு அனுப்பிட்டோம்னு போடு."

"அவங்க எடுக்கல சார்."

"எடுத்தாங்கன்னு நான் சொல்லல. ரெண்டு மாசம் வீட்டுல இருக்கட்டும். சீசன் முடியட்டும், கூப்புட்டுக்கலாம். நான் வேற என்னம்மா பண்றது, நீயே சொல்லு."

எழுதமாட்டேன் என்று மதிவதனி சொல்லியிருக்கலாம். சொன்னால் அவரே இனியனை வைத்து எழுதிவிடுவார். வீட்டில் படுத்திருக்கிற மனிதனின் மாத்திரை, ஓவியாவின் பள்ளிக்கூடம் எல்லாம் கண்முன் வரிசையாக வந்து நின்றன. கடைசி இரண்டு வரியையும் அழித்துவிட்டு, சம்பந்தப்பட்ட ஊழியர் பணியிலிருந்து நீக்கப்பட்டார் என்று அடித்தாள். பதினெட்டு வருட வரியும், குற்றம் காட்ட எதுவும் கிடைக்கவில்லை என்ற வரியும் போய்விட்டன. நல்லவள் என்றால் ஏன் நீக்கினீர்கள் என்று கேள்வி வரும் அல்லவா, அது பொருந்தாது என்றார் அருணகிரி. கடைசியில் வழக்கம்போல அவள் பெயர்.

கன்னியம்மாளிடம் அருணகிரி நேரிலேயே சொன்னார். அவள் மாடிக்குப் போய்த் துடைப்பத்தையும் வாளியையும் கழுவி வைத்துவிட்டு வந்து மேசை முன்னால் நின்றாள்.

"நீ எழுதுனியாமே," என்றாள் மதிவதனியிடம்.

"சார் சொன்னாருக்கா. ரெண்டு மாசந்தான்."

"எங்க எழுதுன?"

மதிவதனி திரையைத் திருப்பிக் காட்டினாள். கன்னியம்மாள் குனிந்து பார்த்தாள். அவளுக்குத் தமிழே எழுத்துக் கூட்டத்தான் தெரியும். இதில் என் பெயர் எது என்று கேட்டாள். மேலே இங்கிரிட் எழுதியிருந்ததில் மதிவதனி விரல் வைத்துக் காட்டினாள். கன்னியம்மாள் அந்த இடத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டவள்போலத் தலையாட்டிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தப் பதிலைப் பலர் மெச்சினார்கள் என்பதுதான் மதிவதனியால் தாங்க முடியாததாக இருந்தது. நிர்வாகம் துரிதமாக நடவடிக்கை எடுத்தது என்று அடுத்த மாதம் தங்கிய ஒருவர் எழுதினார். முன்பதிவு பழையபடி வந்தது. அருணகிரி சொன்ன இரண்டு மாதம் முடிந்தது. அவளைக் கூப்பிடலாமா என்று மதிவதனி கேட்டாள். யாராவது பார்த்துட்டு நீக்கினதா சொன்னது பொய்யான்னு எழுதினா என்றார் அவர். நீக்கியதாகச் சொன்னது பொய் என்று ஆகிவிட்டால் லாட்ஜ் என்ன ஆகும் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

கன்னியம்மாள் அந்த ரோட்டில் இருந்த மற்ற லாட்ஜுகளில் வேலை கேட்டாள். லாட்ஜ்காரர்கள் ஒருவர் பக்கத்தை ஒருவர் படிக்கிறவர்கள். பெயரைக் கேட்டதுமே, ஆள் இருக்குதும்மா என்றார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது.

நவம்பரில், கார்த்திகை தீபத்துக்கு மூன்று வாரம் இருக்கையில், இங்கிரிட்டிடமிருந்து மெயில் வந்தது.

ஊரில் குளிர் ஆரம்பித்துவிட்டது, கம்பளிக் கையுறையை எடுத்து மாட்டினேன் என்று தொடங்கியது. இந்தியா வந்தபோது வெயிலில் விரல் வீங்கி மோதிரம் இறுக்கியதால் கழற்றி, தொலையாத இடமாகப் பார்த்துப் பெட்டியின் அடியில் இருந்த கையுறையின் விரலுக்குள் போட்டு வைத்துவிட்டு, அதை அடியோடு மறந்துவிட்டாராம். திருவண்ணாமலையில் யாருக்குக் கையுறை வேண்டும்? பெட்டியைப் பரப்பித் தேடியபோதும் அதை உதறிப் பார்க்கத் தோன்றவில்லை. ஊர் திரும்பியபோது வசந்தம் வந்துவிட்டது. பத்து மாதம் மோதிரம் அங்கேயே இருந்தது. நான் ஒரு ஏழைப் பெண்ணுக்குச் செய்ததை நினைத்தால் தூக்கம் வரவில்லை, என்ன செய்ய வேண்டும் சொல்லுங்கள் என்று முடித்திருந்தார்.

மதிவதனி மூன்று முறை படித்தாள். பிறகு ஒரே வரி எழுதினாள்: தயவுசெய்து அந்தக் கருத்தை எடுத்துவிடுங்கள்.

எடுக்க முடியவில்லை. அன்று கோபத்தில் இங்கிரிட் தெற்கே போன ஊரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, புதிதாக ஒரு இலவச மெயில் முகவரி தொடங்கி, அதைக் கொடுத்துக் கணக்குத் திறந்திருக்கிறார். பாஸ்வேர்டு மறந்துபோயிற்று. புது பாஸ்வேர்டு அந்த முகவரிக்குத்தான் வரும். பல மாதம் திறக்காமல் கிடந்ததால் அந்த முகவரியையே கம்பெனி மூடிவிட்டது. எழுதியது நான்தான் என்று அந்த வெப்சைட்டுக்கு அவர் கடிதம் எழுதினார். அதே முகவரியிலிருந்து வராததால் நீங்கள்தான் என்று உறுதி செய்ய வழியில்லை என்றார்கள். வேறு கணக்குத் திறந்து நடந்ததை எழுதினார். இது தங்கிய அனுபவம் அல்ல, இன்னொரு கருத்தைப் பற்றிய கருத்து என்று திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொன்றையும் அவர் மதிவதனிக்கு அனுப்பிவைத்தார். எழுதியவரும் எழுதப்பட்டவர்களும் ஒரே பக்கம் நின்று கேட்டும் அந்தக் கருத்து அசையவில்லை.

மிச்சம் இருந்தது லாட்ஜின் பதில் ஒன்றுதான். அதை அழித்துவிட்டுப் புதிதாக அனுப்பலாம். மோதிரம் அதன் சொந்தக்காரரிடமே கிடைத்தது, கன்னியம்மாள்மேல் ஒரு குற்றமும் இல்லை, அவரை நீக்கியது எங்கள் தவறு என்று எழுதி அருணகிரியிடம் படித்துக் காட்டினாள்.

அவர் முதலில் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். நான் அப்பவே நெனச்சேன் என்றார். கடைசி வரி வந்ததும் நிமிர்ந்தார்.

"மோதிரம் கெடச்சிடுச்சுன்னு போடு. அந்தம்மாவுக்கு நன்றி சொல்லு. அதோட விடு."

"கன்னியம்மா அக்கா பேரு, சார்."

"அந்தப் பேரு இன்னொரு தடவ எதுக்கு? பத்து நாள்ல தீபம், ஊரே வருது. தப்பு செய்யாதவங்கள நாங்க தொரத்திட்டோம்னு நாமளே எழுதி ஒட்டிக்கணுமா? திருட்டு நடந்துச்சுங்கறதவிட அது அசிங்கம்மா." பிறகு தணிந்த குரலில், "வேணும்னா வரச் சொல்லு. ரூமு வேணாம். கீழ வாசல் கூட்டட்டும், தோட்டம் பாக்கட்டும்," என்றார்.

மதிவதனி பழைய பதிலை அழித்தாள். புதியது வெளியாகிற வரை மூன்று நாள் அந்தக் குற்றச்சாட்டு பதிலே இல்லாமல் மொட்டையாக நின்றது. பிறகு வந்தது: விருந்தினர் தன் மோதிரத்தைத் தன் உடைமைகளிலேயே கண்டெடுத்ததாகத் தெரிவித்துள்ளார், அவருக்கு எங்கள் நன்றி. இரண்டே வரி. லாட்ஜின் சொந்த வெப்சைட்டிலாவது நடந்ததை முழுசாகப் போடலாம் என்று நினைத்தாள். அங்கே யாரும் கேள்விப்படாத ஒன்றை நாமே ஏன் ஆரம்பிக்க வேண்டும் என்று அதையும் அருணகிரி தடுத்துவிட்டார்.

தீபம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கிரிட்டின் மெயிலை அச்செடுத்துக்கொண்டு மதிவதனி ஷேர் ஆட்டோ பிடித்து அடி அண்ணாமலைக்குப் போனாள். கன்னியம்மாள் கிரிவலப் பாதையில் இருந்த ஒரு மடத்தில் பாத்திரம் தேய்க்கப் போய்க்கொண்டிருந்தாள். அன்று வேலை இல்லாததால் வீட்டில்தான் இருந்தாள். முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து பாயை விரித்தாள், மோர் கொடுத்தாள்.

மதிவதனி மெயிலை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். கையுறை என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்தது. கன்னியம்மாள் தன் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

"வெரலுக்கு ஒரு உறையா?" என்றாள். பிறகு, "பாவம், அந்தம்மா. புருசன் போட்ட மோதரம்," என்றாள்.

"அவங்க மன்னிப்புக் கேட்டிருக்காங்கக்கா."

"அந்தக் கம்ப்யூட்டர்ல எழுதினத அழிச்சாச்சா?"

"அழிக்க முடியலக்கா. அவங்களாலயும் முடியல. கெடச்சிடுச்சுன்னு கீழ எழுதியிருக்கேன்."

"கீழ எம் பேரு இருக்குதா?"

மதிவதனி காகிதத்தை மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

"மேலதான் இருக்கு. கீழ இல்ல."

அருணகிரி வாசல் கூட்ட வரச் சொல்கிறார் என்பதைக் கேட்டபோதுதான் கன்னியம்மாளின் முகம் மாறியது. "ரூமுக்குள்ள வேணாமாமா?" என்று கேட்டாள். கீழ மட்டுந்தானாம்க்கா என்றாள் மதிவதனி. "அப்ப இன்னும் நம்பிக்க வரல அவருக்கு," என்றாள் கன்னியம்மாள், கோபமில்லாமல், ஒரு கணக்கைச் சரிபார்த்தவள்போல.

போகும்போது அவள் ஒன்றுதான் கேட்டாள். அந்த மெயிலில் இருக்கிறதைத் தமிழில் எழுதி, லாட்ஜ் முத்திரை வைத்துக் கொடு, மருமகள் வீட்டுக்காரர்களிடம் காட்ட வேண்டும் என்று. அவர்கள் காதுக்கும் எப்படியோ போயிருந்தது. மறுநாள் மதிவதனி லாட்ஜ் தாளில் எழுதினாள். கன்னியம்மாள் என்று மூன்று இடத்தில் எழுதினாள். அருணகிரியைக் கேட்காமல் முத்திரையை எடுத்து அழுத்தினாள். அவசரத்தில் முதல் முறை கோணலாக விழுந்தது, இன்னொரு தாளில் மறுபடி எழுத வேண்டியதாயிற்று. மடத்துக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

அந்தத் தாளால் சம்பந்தி வீட்டில் பேச்சு அடங்கியது என்று பின்னால் கேள்விப்பட்டாள். லாட்ஜுகளில் அதைக் கொண்டுபோய் யாரிடமும் கன்னியம்மாள் காட்டவில்லை. முட்டிவலி ஜாஸ்தியாகி ஒரு வருடத்தில் மடத்து வேலையையும் விட்டுவிட்டாள்.

இங்கிரிட் ஒரு கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்பினார், அந்தக் கருத்து இன்னும் இருக்கிறதா என்று கேட்டு. இருக்கிறது என்று மதிவதனி எழுதினாள்.

மதிவதனி அங்கேயேதான் வேலை பார்த்தாள். சீட்டுக் கொடுத்தாள், மூன்றாம் நாள் மெயில் அனுப்பினாள், வாளி உடைந்திருக்கிறது, சத்தம் கேட்கிறது என்று வருகிறவற்றுக்கு நன்றி சொல்லிப் பதில் எழுதினாள். நீக்கப்பட்டார் என்கிற வார்த்தை வரும்படியாக மட்டும் எதையும் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டாள். அப்படி எழுதச் சொல்லும் சந்தர்ப்பமும் அருணகிரிக்கு வரவில்லை. புதிய கருத்துகள் சேரச் சேர அந்தப் பழையது கீழே கீழே போயிற்று. 2009-இல் அது ஆறாம் பக்கத்தில் இருந்தது. மாதம் ஒருமுறை அவள் ஆறாம் பக்கம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.